மறுப்புக் கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

பிரிட்டன் விசா கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரியோடு கடிதம் முடிந்துவிடாது. பெரும்பாலும் மூன்று, நான்கு பக்கம் இருக்கும். மின்னஞ்சலில் வரும், இல்லையென்றால் பாஸ்போர்ட்டோடு உறையில் வரும். நம் வீடுகளில் அதற்கு நடப்பது என்னவென்றால், முதல் பக்கத்தில் ‘ரெஃப்யூஸ்டு’ என்ற சொல்லைப் பார்த்ததும் படிப்பது நின்றுவிடும். அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து ஏஜெண்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். “ஒண்ணும் பிரச்சினை இல்லை, மறுபடி போட்டுடலாம்” என்று பதில் வரும். கடிதத்தின் மிச்சப் பக்கங்களை அப்புறம் யாரும் திறப்பதில்லை.

அந்தக் கடிதம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. ஏன் மறுத்தார்கள் என்பது ஒன்று. இதை எதிர்த்து எங்கே, எத்தனை நாளுக்குள் போகலாம் என்பது இன்னொன்று. முதல் பதில் நாளைக்கும் அதே பதில்தான். இரண்டாவது பதில் நாளுக்கு நாள் தேய்கிறது. ஆகவே கடைசிப் பக்கத்தை முதலில் படிக்க வேண்டும்.

அங்கே என்ன எழுதியிருக்கும் என்பது நீங்கள் கேட்ட விசாவைப் பொறுத்தது. கணவன், மனைவி, பிள்ளைகளோடு சேர்ந்து வாழக் கேட்ட குடும்ப விசா என்றால், பொதுவாக மேல்முறையீட்டு உரிமை இருக்கும். அது தீர்ப்பாயத்துக்குப் போகும். மாணவர் விசா, வேலை விசா என்றால் மேல்முறையீடு கிடையாது, ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ’ என்ற மறுபரிசீலனைதான். அதே உள்துறை அமைச்சகத்தில் வேறோர் அதிகாரி கோப்பைத் திரும்பப் பார்ப்பார். சுற்றுலா, உறவினர் வீட்டுப் பயணம் போன்ற விசிட்டர் விசாவுக்கு இந்த இரண்டுமே கிடையாது. உயர்நிலை நீதிப் பரிசீலனை என்ற வழி ஒன்று உண்டு. அதைத் தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதத்துக்குள் தொடங்க வேண்டும். ஆனால் அதற்கு ஆகும் வக்கீல் செலவைப் பார்த்தால், பேத்தி காதுகுத்துக்குப் போக நினைத்த தாத்தாவுக்கு அது நடைமுறையில் வழியே இல்லை. அவர் சரியான ஆவணங்களோடு புதிதாக விண்ணப்பிப்பதுதான் நல்லது.

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவருக்குக் குடும்ப விசா மேல்முறையீட்டுக்கும் மாணவர் விசா மறுபரிசீலனைக்கும் கெடு ஒன்றே: முடிவு கையில் கிடைத்ததிலிருந்து 28 நாள். பிரிட்டனுக்குள் இருந்தே விண்ணப்பித்தவருக்கு 14 நாள்தான். “28 நாள் இருக்கிறது” என்று லண்டனில் இருக்கும் சித்தப்பா சொல்வதும், “14 நாள்தான்” என்று அங்கேயே இருக்கும் நண்பர் சொல்வதும் இரண்டும் சரியாக இருக்கலாம். உங்கள் கடிதத்தில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் விளங்கும். ஆள் கற்பனை, கடிதத்தின் அமைப்பும் விதிகளும் உண்மையானவை. திருச்சியில் இருக்கும் ஒரு பெண், லண்டன் ஹாரோவில் வேலை பார்க்கும் கணவரோடு சேர மனைவி விசா கேட்டிருக்கிறார். கணவருக்குப் பிரிட்டன் குடியுரிமை உண்டு. ஆண்டுச் சம்பளம் 31,200 பவுண்டு. மார்ச் 10-ஆம் தேதி விண்ணப்பம் போனது. மே 2 தேதியிட்ட மறுப்புக் கடிதம் மே 6 அன்று கைக்கு வந்தது.

முதலில் நாள் கணக்கு. கடிதம் கிடைத்த மே 6-ஐச் சேர்க்காமல், மே 7-ஐ முதல் நாளாக எண்ண வேண்டும். மே 31 அன்று 25 நாள் ஆகிறது. ஜூன் 3 கடைசி நாள். கெடு சனி, ஞாயிறு, அரசு விடுமுறையில் முடிந்தால் அடுத்த வேலை நாள்வரை நீளும். இங்கே அப்படி இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த கவனமான ஆலோசகர்கள் ஜூன் 3 என்று எழுதிக்கொள்ள மாட்டார்கள். கடிதத்தில் போட்டிருக்கும் மே 2-லிருந்து எண்ணி, மே 30 என்று எழுதுவார்கள். கிடைத்த நாள் எது என்று பின்னால் வாதம் வந்தால் அதை நிரூபிக்க வேண்டியவர் விண்ணப்பதாரர். தேதியிலிருந்து எண்ணினால் அந்த வாதமே எழாது. எதற்கும் மின்னஞ்சல் வந்த நேரம் தெரிகிற மாதிரி ஒரு நகலும், கூரியர் உறை இருந்தால் அந்த உறையும் பத்திரமாக இருக்கட்டும். உறையைக் கிழித்துக் குப்பையில் போடுவதுதான் முதலில் நடக்கும் காரியம்.

கெடு எழுதியாயிற்று. இனி முதல் பக்கத்துக்கு வரலாம்.

கடிதத்தில் நிறைய வாக்கியங்கள் இருக்கும். எல்லாமே மறுப்புக்கான காரணம் அல்ல. “நீங்கள் இந்தத் தேதியில் திருமணம் செய்ததாகச் சொல்கிறீர்கள்”, “ஆறு புகைப்படங்கள் கொடுத்திருக்கிறீர்கள்” என்பதெல்லாம் அதிகாரி பார்த்ததைச் சொல்வது. அதற்குப் பிறகு, இந்த விஷயத்தில் எனக்குத் திருப்தி இல்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம் வரும். அதன் பக்கத்திலோ அடுத்த வரியிலோ ஒரு விதி எண் இருக்கும். அந்த எண்தான் காரணம். மேலே உள்ளவை அந்தக் காரணத்துக்கு அவர் காட்டும் ஆதாரம். பென்சிலை எடுத்துக்கொண்டு விதி எண்களை மட்டும் வட்டமிட்டாலே கடிதம் பாதி அளவுக்குச் சுருங்கிவிடும்.

திருச்சிப் பெண்ணின் கடிதத்தில் மூன்று வட்டங்கள் விழுகின்றன. E-ECP.2.6 என்பது உறவு உண்மையானதும் நடப்பில் இருப்பதுமாக இருக்க வேண்டும் என்ற விதி. E-ECP.2.10 என்பது இருவரும் பிரிட்டனில் நிரந்தரமாகச் சேர்ந்து வாழும் எண்ணம் உடையவர்களாக இருக்க வேண்டும் என்பது. E-ECP.3.1 வருமானம் பற்றியது. முதல் இரண்டும் ஒரே பத்தியில், ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வருகின்றன. அவசரமாகப் படிப்பவர் அதை ஒரே காரணமாக எண்ணிவிடுவார். திருமணம் உண்மை என்று காட்டினால் போதும் என்று நினைத்து, அவர் எங்கே வந்து வாழப்போகிறார், என்ன ஏற்பாடு என்பதைப் பற்றி ஒரு காகிதமும் வைக்க மாட்டார். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லாமல் போனாலும் மறுப்பு அப்படியே நிற்கும்.

மூன்றாவது வட்டத்தைப் பார்த்ததும் ஹாரோவிலிருந்து போன் வந்தது என்று வைத்துக்கொள்வோம். “என்னங்க, சம்பளம் பத்தலைன்னு தள்ளிட்டாங்களாம்” என்கிறார் இவர். “எப்படிப் பத்தாமப் போகும்? 29,000தானே கேக்கறாங்க, எனக்கு 31,000க்கு மேலயே வருதே” என்கிறார் அவர். அவர் சொல்வது சரி. மனைவி விசாவுக்கான குறைந்தபட்ச வருமானம் 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டு. அதற்கு முன் 18,600-ஆக இருந்தது. அவருடைய சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியதுதான்.

கடிதத்திலும் சம்பளம் பத்தாது என்று எங்கேயும் எழுதவில்லை. நிதானமாகப் படித்தால் அதில் இருப்பது இதுதான்: செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை ஆறு மாதச் சம்பளச் சீட்டு கொடுத்திருக்கிறீர்கள், நவம்பர் சீட்டில் உள்ள தொகை வங்கிக் கணக்கில் வரவானதாக வங்கி அறிக்கை காட்டவில்லை, வேலை கொடுத்தவரின் கடிதத்தில் இந்தச் சம்பளத்தை எவ்வளவு காலமாகப் பெறுகிறார் என்பது சொல்லப்படவில்லை, ஆகவே வரையறுக்கப்பட்ட ஆவணங்கள் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள அந்த விதியின் இணைப்பான Appendix FM-SE-ஐக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வருமானம் இருந்தால் மட்டும் போதாது, அதை எந்தக் காகிதத்தில் எப்படிக் காட்ட வேண்டும் என்று அந்த இணைப்பு சொல்கிறது. ஒரே இடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பவர் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும், அதே மாதங்களுக்கான வங்கி அறிக்கைகளையும், வேலை கொடுத்தவரின் கடிதத்தையும் வைக்க வேண்டும். சீட்டில் கைக்கு வந்ததாக உள்ள தொகையும் கணக்கில் வரவான தொகையும் ஒத்துப்போக வேண்டும். வேலை கொடுத்தவரின் கடிதத்தில் என்ன வேலை, ஆண்டுச் சம்பளம் எவ்வளவு, எவ்வளவு நாளாக வேலையில் இருக்கிறார், இந்தச் சம்பளத்தை எப்போதிலிருந்து வாங்குகிறார், நிரந்தர வேலையா என்ன வகை என்பதெல்லாம் இருக்க வேண்டும். நம் ஆள் வாங்கிய கடிதத்தில் நான்கு இருக்கிறது, ஒன்று இல்லை. வங்கி அறிக்கையை எடுத்துப் பார்த்தால் பக்கம் 4-க்குப் பிறகு பக்கம் 6 வருகிறது. நவம்பர் 28 சம்பளம் இருந்த 5-ஆம் பக்கம் ஸ்கேன் செய்யும்போது விடுபட்டிருக்கிறது.

இதற்காகவா ஒரு குடும்பத்தைப் பிரித்து வைப்பது என்று கோபம் வரும். விடுபட்ட ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்க அதிகாரிக்கு அந்த விதியிலேயே இடம் உண்டு. ஆனால் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் அந்தக் கோபத்தை வைத்து மேல்முறையீடு எழுதக் கூடாது. 5-ஆம் பக்கத்தை வைத்து எழுத வேண்டும்.

உறவு பற்றிய பத்தியையும் இப்படியே பிரித்துப் பார்க்கலாம். அதிகாரி சொல்வது: ஆறு புகைப்படம், எல்லாம் திருமண நாளில் எடுத்தவை, வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியல் இரண்டு வாரத்துக்கு மட்டும், திருமணத்துக்கும் விண்ணப்பத்துக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் இருந்தும் அந்தக் காலத்தில் தொடர்பு இருந்ததற்குச் சான்று இல்லை. இதில் ஒரு சொல்லைக்கூடத் தவறு என்று சொல்ல முடியாது. அவர்கள் தினமும் பேசியிருக்கிறார்கள். டிசம்பரில் அவர் திருச்சிக்கு வந்து மூன்று வாரம் இருந்தும் போயிருக்கிறார். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது, விமானச் சீட்டு இருக்கிறது, மாதாமாதம் அனுப்பிய பணத்துக்கு ரசீது இருக்கிறது. எதையும் விண்ணப்பத்தோடு வைக்கவில்லை. ஊரறிய நடந்த கல்யாணத்துக்கு வேறென்ன சான்று என்று நம் வீட்டுப் பெரியவர்கள் நினைப்பது இயல்புதான். அந்த விதி கேட்பது கல்யாணம் நடந்ததா என்பதை அல்ல, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை.

இப்போது ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு காரணமாக எழுதலாம். மேலே விதி எண். அதன் கீழே அதிகாரி சொன்னது, அவர் சொன்ன சொல்லிலேயே. நம் வருத்தத்தைக் கலக்காமல். அதற்கும் கீழே, இதுபற்றி நாம் ஏற்கெனவே என்ன கொடுத்திருந்தோம் என்பது. கடைசியாக, இன்று கையில் என்ன இருக்கிறது, எதை யாரிடம் வாங்க வேண்டும் என்பது. வருமானப் பக்கத்தில் இந்தக் கடைசிப் பகுதி இரண்டே வரியில் முடியும்: வங்கி அறிக்கை பக்கம் 5, சம்பளக் காலத்தைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் புதிய கடிதம்.

மூன்றாவதாகச் சொன்ன அந்த ‘ஏற்கெனவே கொடுத்தது’ என்ற பகுதியைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். மாணவர் விசாவில் அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மறுபரிசீலனையில், முதலில் முடிவெடுத்த அதிகாரி தவறு செய்தாரா என்றுதான் பார்ப்பார்கள். பொதுவாகப் புதிய ஆவணங்களை ஏற்க மாட்டார்கள். உதாரணமாக, மாணவர் விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும்; அந்த 28 நாளின் கடைசி நாள் விண்ணப்பத் தேதிக்கு 31 நாளுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய அறிக்கையில் 28 நாள் இருந்தும் அதிகாரி 26 என்று எண்ணியிருந்தால், 80 பவுண்டு கட்டி மறுபரிசீலனை கேட்பதில் பொருள் உண்டு. உண்மையிலேயே 26 நாள்தான் இருந்தது என்றால் அந்த 80 பவுண்டு வீண். குடும்ப விசா மேல்முறையீடு அப்படி அல்ல. மறுக்கப்பட்ட காரணங்களைப் பற்றிப் பிறகு கிடைத்த சான்றுகளையும் நீதிபதி பார்க்கலாம். அதனால் திருச்சிப் பெண்ணுக்கு விடுபட்ட 5-ஆம் பக்கம் இன்னும் பயன்படும்.

பலருக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. 28 நாள் என்பது மேல்முறையீட்டைப் பதிவு செய்வதற்கான கெடு. எல்லாச் சான்றையும் சேர்த்து முடிப்பதற்கான கெடு அல்ல. பதிவு செய்யும்போது மறுப்புக் கடிதத்தை இணைத்து, எந்த அடிப்படையில் எதிர்க்கிறீர்கள் என்று எழுதிக் கட்டணம் கட்ட வேண்டும். விசாரணை இல்லாமல் காகிதங்களை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கேட்டால் 80 பவுண்டு, நேரடி விசாரணை கேட்டால் 140 பவுண்டு. விரிவான வாதமும் ஆவணக் கட்டும் அதற்குப் பிறகு தீர்ப்பாயம் சொல்லும் தேதிக்குள் தரலாம். நிறுவனத்தின் கடிதம் வரட்டும் என்று காத்திருந்து 28 நாளைக் கோட்டைவிடுவதுதான் நடக்கிற பெரிய தவறு. விண்ணப்பக் கோப்பில் அதிகாரி எழுதிய குறிப்புகளைக் கேட்டு வாங்கவும் உரிமை உண்டு. ஆனால் அதற்கு ஒரு மாதம்வரை அவகாசம் எடுத்துக்கொள்வார்கள், அதற்குள் கெடு போய்விடும். கேளுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

கெடு தாண்டிவிட்டால் கதவு முழுக்க அடைபடுவதில்லை. கால நீட்டிப்பு கேட்டு, தாமதத்துக்குக் காரணம் சொல்லி விண்ணப்பிக்கலாம். எத்தனை நாள் தாமதம், ஏன், மற்ற சூழ்நிலை என்ன என்று பார்த்து நீதிபதி முடிவு செய்வார். ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்ததற்கு டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் அது ஒரு காரணம். “ஏஜெண்ட் பார்த்துக்கறேன்னு சொன்னார்” என்பது அத்தனை வலுவான காரணம் அல்ல.

சரி, மேல்முறையீடா, புதிய விண்ணப்பமா? நோட்டுதான் பதில் சொல்லும். புதிய விண்ணப்பத்துக்கு மறுபடி 1,900 பவுண்டுக்கு மேல் கட்டணம். முந்தைய கட்டணம் திரும்ப வராது. முன்கூட்டிக் கட்டிய சுகாதாரக் கட்டணம் மட்டும் திரும்ப வரும். மேல்முறையீடு செலவு குறைவு, ஆனால் பல மாதம் இழுக்கும், சில நேரம் ஓராண்டுக்கும் மேல். குறை முழுவதும் காகிதக் குறையாக இருந்து, இன்றைக்கே எல்லாம் சரிசெய்ய முடியும் என்றால், பணம் இருப்பவர் புதிய விண்ணப்பத்தை விரும்புவார். உறவே உண்மையா என்று சந்தேகப்பட்டு மறுத்திருந்தால் நான் மேல்முறையீட்டைத்தான் சொல்வேன். அந்தச் சந்தேகத்தை ஒரு நீதிபதி துடைத்துவிட்டால், அடுத்து வரும் விசாக்களில் அது தலைதூக்காது. புதிய விண்ணப்பத்தில் இன்னோர் அதிகாரி பழைய கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் படிக்கத் தொடங்குவார்.

நோட்டில் தனிப் பக்கம் கொடுக்க வேண்டிய காரணம் இன்னொன்று உண்டு. பொய்த் தகவல், போலி ஆவணம், ஏமாற்று என்ற பொருளில் கடிதத்தில் ஒரு வரி இருந்தாலும் அது மற்றக் காரணங்களைப் போன்றதல்ல. பணம் பத்தவில்லை என்ற மறுப்பு அந்த விண்ணப்பத்தோடு முடிகிறது. ஏமாற்று என்று எழுதிவிட்டால், விசிட்டர், மாணவர், வேலை விசாக்கள் பத்தாண்டுவரை அதே காரணத்துக்காக மறுக்கப்படும் நிலை வரும். வங்கி மேலாளரிடம் சரிபார்த்தபோது அந்தக் கடிதம் எங்களுடையது அல்ல என்று சொல்லிவிட்டார் என்பது போல் ஒரு வரி இருந்தால், அதைக் கேட்காமல் விட்டுவிட்டு மறுபடி விண்ணப்பிப்பது ஆபத்து. வங்கியில் ஆள் மாறியதால் வந்த குழப்பமா, ஏஜெண்ட் தானே தயாரித்துச் செருகிய காகிதமா என்று அன்றைக்கே விசாரிக்க வேண்டும். அதே போல, இனி எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் முன்பு விசா மறுக்கப்பட்டதா என்று படிவம் கேட்டால், ஆமாம் என்றுதான் எழுத வேண்டும். அதை மறைப்பதே புதிய ஏமாற்றாகிவிடும்.

யாரிடம் காட்டுவது என்ற கேள்விக்கு ஒரு தெளிவான விதி இருக்கிறது. பிரிட்டனில் குடியேற்ற ஆலோசனை சொல்பவர் வழக்கறிஞராக இருக்க வேண்டும், அல்லது இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஓ.ஐ.எஸ்.சி. என்று முன்பு அழைக்கப்பட்ட அமைப்புதான் அது. பதிவு பெற்றவர் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். கடிதம் வந்த முதல் வாரத்திலேயே, முதல் பக்கத்தை மட்டும் அல்ல, எல்லாப் பக்கங்களையும் விண்ணப்பத்தோடு அனுப்பிய ஆவணங்களையும் அவருக்கு அனுப்புங்கள். எத்தனை காரணங்கள், எந்த நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அவர் எழுதும் எண்ணிக்கையும் தேதியும் உங்கள் நோட்டில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால், பணம் கட்டும் முன் ஏன் என்று கேட்டுவிடுங்கள்.